அவர் களத்தில் இருந்தபோது

ஷேன் பேட்டியர் பல்கலைக்கழக நாட்களில் டியூக் அணிக்காக ஆடிப் பெயர் வாங்கியவர். தொழில்முறைக் கூடைப்பந்தான என்.பி.ஏ.வுக்குள் வந்தபின் அந்தப் பெயர் மங்கிவிட்டது. அதிகம் புள்ளி எடுக்க மாட்டார். ரீபவுண்டும் அசிஸ்டும் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. உயரத் துள்ளவும் மாட்டார், வேகமும் சுமார்தான். 2009 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸின் ஞாயிறு இதழில் மைக்கேல் லூயிஸ் இவரைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். புள்ளிவிவரமே இல்லாத நட்சத்திரம் என்ற பொருளில் அதற்குத் தலைப்பு. பேட்டியர் அப்போது ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணியில் இருந்தார். அந்த அணியின் பொது மேலாளர் டாரில் மோரி கணக்கை நம்புகிறவர். மற்றவர்கள் பார்க்கிற எண்களை விட்டுவிட்டு வேறொரு எண்ணை அவர் பார்த்தார். அந்த எண்ணின்படி, பேட்டியர் களத்தில் இருக்கும்போது ஹூஸ்டன் வேறொரு அணியாகிவிடுகிறது.

அந்த எண்ணுக்குப் பிளஸ்-மைனஸ் என்று பெயர். கணக்கு மிக எளிது. ஓர் ஆட்டக்காரர் பெஞ்சிலிருந்து எழுந்து உள்ளே போகும்போது அவருடைய அணி 24-20 என்று முன்னிலையில் இருக்கிறது. அவர் திரும்பி வந்து உட்காரும்போது 35-37 என்று பின்தங்கியிருக்கிறது. உள்ளே போகையில் நான்கு புள்ளி கூடுதல், வெளியே வருகையில் இரண்டு புள்ளி குறைவு. ஆக அவருக்கு மைனஸ் 6. இடையில் அவர் பந்தைத் தொட்டாரா, கூடையில் போட்டாரா, எதிராளியைத் தடுத்தாரா என்பது கணக்கில் வராது. அவர் இருந்தபோது என்ன நடந்தது என்பது மட்டுமே வரும். ஐஸ் ஹாக்கியில் இது 1960களிலிருந்தே அதிகாரபூர்வமான எண். என்.பி.ஏ.வின் ஆட்ட அட்டவணையில், அதாவது பாக்ஸ் ஸ்கோரில், 2007-08 பருவத்தில்தான் இதற்கென்று ஒரு பத்தி சேர்ந்தது.

இந்தக் கணக்கை நான் மதிக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி அதன்மேல் சந்தேகம் கிளப்புவது. வழக்கமான பாக்ஸ் ஸ்கோர் பந்தைப் பின்தொடர்கிற கணக்கு. பந்து யார் கையிலிருந்து கூடைக்குப் போனது, தவறிய பந்தை யார் பிடித்தார் என்று எழுதும். கூடைப்பந்திலோ பத்துப் பேர் களத்தில் இருக்க, பந்து ஒரு நேரத்தில் ஒருவர் கையில்தான் இருக்கிறது. மற்ற ஒன்பது பேர் செய்வதற்கு வரிசையும் இல்லை, பத்தியும் இல்லை. கோபி பிரையன்டை அவருக்குப் பிடித்த இடத்துக்குப் போகவிடாமல் இரண்டடி தள்ளி வீச வைப்பது பேட்டியரின் வேலை. அதை எந்தப் பத்தியில் எழுதுவது? தேரின் வடத்தைப் பிடித்தவர்களில் யார் எவ்வளவு இழுத்தார் என்று தனித்தனியே அளக்க முடியாது. ஓர் ஆள் விலகினால் தேர் மெதுவாகிறதா என்று மட்டும் பார்க்கலாம். பிளஸ்-மைனஸ் செய்ய நினைப்பது அதைத்தான். கேள்வி சரியான கேள்வி. பதில் வந்து சேர எவ்வளவு நாளாகும் என்பதில்தான் சிக்கல்.

லூயிஸ் தன் கட்டுரையில் சில எண்களைத் தருகிறார். நல்ல ஆட்டக்காரர் ஒருவர் பிளஸ் 3 இருப்பார். அதாவது அவர் இருக்கும்போது அணி, ஓர் ஆட்டத்துக்கு மூன்று புள்ளி முன்னிலை எடுக்கும். ஸ்டீவ் நாஷின் உச்சப் பருவத்தில் பிளஸ் 14.5. கட்டுரைக்காக லூயிஸ் பார்த்த லேக்கர்ஸ் ஆட்டத்தின்போது, 2009 ஜனவரியில், பேட்டியர் பிளஸ் 10. ஆடிய காலம் முழுவதற்குமாகப் பார்த்தால் பிளஸ் 6. கட்டுரையைப் படித்த பெரும்பாலோர் மனதில் தங்கியது அந்த 10 ஆகத்தான் இருக்கும். என்னைக் கேட்டால் அந்தப் பகுதியில் கனமான எண் 6. அது ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அதிர்ஷ்டத்தின் அளவைத் தெரிந்துகொள்ள வேண்டும். என்.பி.ஏ. ஆட்டம் 48 நிமிடம். ஒவ்வோர் அணியும் சுமார் நூறு முறை பந்தைக் கையில் எடுத்து முன்னேறும். ஏறக்குறைய பாதி முறை ஒன்றும் கிடைக்காது. மீதியில் இரண்டோ மூன்றோ புள்ளி வரும், எப்போதாவது ஒன்று. சம பலம் உள்ள இரண்டு அணிகள் மோதினால்கூட முடிவு 0 வித்தியாசத்தில் வந்து நிற்பதில்லை. ஒரு நாள் இவர்கள் எட்டுப் புள்ளியில் ஜெயிப்பார்கள், இன்னொரு நாள் அவர்கள் பதினைந்தில். இரு அணிகளின் பலத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், ஓர் ஆட்டத்தின் இறுதி வித்தியாசம் சுமார் 12 புள்ளி அலைகிறது. புள்ளியியல்காரர்கள் இதைத் திட்ட விலக்கம் என்பார்கள். மூன்றில் இரண்டு ஆட்டங்கள் எதிர்பார்த்ததிலிருந்து இருபுறமும் 12 புள்ளிக்குள் முடியும். இருபதில் ஒன்று 24ஐயும் தாண்டிப் போகும். இந்த 12ல் யாருடைய திறமையும் இல்லை. விளிம்பில் பட்டு உள்ளே விழுந்த பந்தும் வெளியே விழுந்த பந்தும் சேர்ந்து செய்கிற வேலை அது.

ஆட்ட நேரம் குறைந்தால் இந்த அலைவும் குறையும், ஆனால் அதே விகிதத்தில் குறையாது. வர்க்கமூலத்தின் வேகத்தில்தான் குறையும். கால்வாசி ஆட்டம், அதாவது 12 நிமிடம் எடுத்துக்கொண்டால் அலைவு 12ல் கால்வாசியான 3 அல்ல; பாதி, 6. பதினாறில் ஒரு பங்கான 3 நிமிடத்துக்கு, 12ல் கால்வாசி, 3. மூன்று நிமிடம் ஆடுகிறவருக்கு மூன்று புள்ளி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சும்மாவே வரும். பெஞ்சிலிருந்து வந்து 12 நிமிடம் ஆடித் திரும்புகிற ஒருவர் மைனஸ் 6 வாங்கியிருந்தால், அவர் நன்றாக ஆடினாரா மோசமாக ஆடினாரா என்பதைப் பற்றி அந்த எண்ணுக்குச் சொல்ல எதுவும் இல்லை.

கெடுதல் தொடங்குவது இந்த எண்ணை விகிதமாக மாற்றும்போது. வெவ்வேறு நேரம் ஆடியவர்களை ஒப்பிடுவதற்காக எல்லோருடைய பிளஸ்-மைனஸையும் 48 நிமிடத்துக்கு என்று பெருக்கிக் கொள்வது வழக்கம். மூன்று நிமிடத்தில் வந்த மூன்று புள்ளியைப் பதினாறால் பெருக்கினால் 48 புள்ளி. பன்னிரண்டு நிமிடத்தில் வந்த ஆறைப் பெருக்கினால் 24. முழு ஆட்டம் ஆடியவருக்கு 12. பார்க்க ஒரே அலகு, ஒரே பத்தி. ஆனால் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் வெவ்வேறு அளவு சத்தம், அதாவது அதிர்ஷ்டத்தின் அலைவு. இதன் விளைவை எந்தப் பருவத்தின் பட்டியலிலும் பார்க்கலாம். விகிதத்தின்படி மேலிருந்து கீழாக அடுக்குங்கள். பட்டியலின் உச்சியில் நட்சத்திரங்கள் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். அங்கே நாற்பது, ஐம்பது நிமிடம் மட்டுமே ஆடிய முகம் தெரியாத பெஞ்ச் ஆட்டக்காரர்கள் இருப்பார்கள். கீழே போய்ப் பாருங்கள். அடிமட்டத்திலும் அதே மாதிரி ஆட்கள்தான். மிகச் சிறந்தவர்களும் மிக மோசமானவர்களும் ஒரே வகையறாவிலிருந்து வருகிறார்கள் என்றால் அந்தப் பட்டியல் திறமையை வரிசைப்படுத்தவில்லை, நிமிடப் பற்றாக்குறையை வரிசைப்படுத்தியிருக்கிறது. எண்ணில் சத்தம் மிகுந்திருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க இதைவிடச் சுலபமான சோதனை எனக்குத் தெரியாது. சற்று மெனக்கெடத் தயார் என்றால் இன்னொன்று உண்டு. ஓர் ஆட்டக்காரரின் பருவத்தை ஒற்றைப்படை ஆட்டங்கள், இரட்டைப்படை ஆட்டங்கள் என்று இரண்டாகப் பிரித்துத் தனித்தனியே கணக்கிடலாம். ஒரே ஆள், ஒரே அணி, ஒரே பயிற்சியாளர். இரண்டு எண்களும் நெருக்கமாக இருந்தால் ஏதோ உண்மை இருக்கிறது. ஒன்று பிளஸ் 7, மற்றொன்று மைனஸ் 2 என்று வந்தால் இரண்டையும் நம்ப வேண்டியதில்லை.

இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரே ஒரு மூலத்தை மட்டும் பிரித்துப் பார்க்கலாம்: எதிரணியின் மூன்று புள்ளி வீச்சு. இப்போதைய ஆட்டத்தில் ஓர் அணி தொலைவிலிருந்து சுமார் 35 முறை வீசுகிறது, நூற்றுக்கு 36 அளவில் உள்ளே போகிறது. எதிரணியை அதிகம் வீசவிடாமல் தடுப்பது தற்காப்பின் திறமைதான். வீசியபின் அது விழுமா விழாதா என்பதில் தடுக்கிறவரின் பங்கு மிகச் சிறியது. ஒருவர் 12 நிமிடம் களத்தில் இருக்கும்போது எதிரணி ஒன்பது முறை வீசுகிறது என்று கொள்வோம். சராசரியாக மூன்று விழும். ஆனால் ஒன்றரை இப்படியோ அப்படியோ போவது சர்வ சாதாரணம். ஒன்றரை வீச்சு என்பது நாலரைப் புள்ளி. 12 நிமிடத்துக்குச் சொன்ன 6 புள்ளி அலைவில் பெரும்பங்கு இதிலேயே வந்துவிடுகிறது. பத்து முழு ஆட்டங்களின் அளவுக்கு, அதாவது 480 நிமிடம், நீட்டிப் பார்த்தாலும் 350 வீச்சில் சுமார் ஒன்பது கூடவோ குறையவோ விழும், 27 புள்ளி. ஆட்டத்துக்கு 2.7. லூயிஸ் நல்ல ஆட்டக்காரருக்குச் சொன்ன பிளஸ் 3ஐ நினைத்துப் பாருங்கள். ஒரு மாதத்துக்கு மேலான ஆட்ட நேரத்தில், எதிரணிக்காரர்களின் கை ராசி மட்டுமே ஒருவரை நல்ல ஆட்டக்காரராக்கிவிடும், அல்லது அந்தப் பெயரைப் பறித்துவிடும். அவர் தன் ஆட்டத்தில் எதையும் மாற்றியிருக்க மாட்டார். இதனால்தான் சில ஆய்வாளர்கள் எதிரணியின் மூன்று புள்ளி வீச்சு விகிதத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சராசரி விகிதத்தை வைத்துக் கணக்கைத் திரும்பப் போடுகிறார்கள்.

இனி பேட்டியரின் 10க்கு வருவோம். அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் காயத்தால் அவர் ஆடவில்லை. ஆகவே ஜனவரி நடுவில் அவர் கணக்கில் அதிக ஆட்டங்கள் இருந்திருக்க முடியாது. இருபது ஆட்டம், ஆட்டத்துக்கு 32 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 640 நிமிடம். 48ஆல் வகுத்தால் 13 முழு ஆட்டங்களும் கொஞ்சமும். அதன் வர்க்கமூலம் சுமார் 3.65. ஓர் ஆட்டத்தின் அலைவான 12ஐ இதனால் வகுத்தால் 3.3. இதுதான் அந்த 10ன் பிழை. வழக்கம்போல இருமடங்கு இடம் விட்டால், உண்மையான எண் மூன்றரைக்கும் பதினாறரைக்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்றுதான் சொல்ல முடியும். மூன்றரை என்றால் நல்ல ஆட்டக்காரர். பதினாறரை என்றால் நாஷையும் தாண்டியவர். இருபது ஆட்டங்கள் முடிந்தபின் நமக்குக் கிடைத்த பதில் இவ்வளவு அகலமானது.

அகலம் மட்டுமல்ல, நடுப்புள்ளியான 10ஐயும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பிளஸ் 10க்கு வந்து நிற்கிற ஒருவர் திறமையால் வந்திருக்கலாம், அதிர்ஷ்டத்தால் வந்திருக்கலாம், பெரும்பாலும் இரண்டாலும்தான். உண்மையிலேயே பிளஸ் 10 தகுதி உள்ளவர்கள் உலகத்தில் மிகச் சிலர். பிளஸ் 4 தகுதியோடு அதிர்ஷ்டமும் வாய்த்தவர்கள் அதைவிட நிறையப் பேர். எனவே பெரிய எண்ணைக் கண்டால் அதை நடுவை நோக்கிச் சுருக்க வேண்டும். எவ்வளவு? ஆட்டக்காரர்களின் உண்மையான மதிப்புகள் பூஜ்யத்தைச் சுற்றி 3 புள்ளி அளவில் பரவியிருப்பதாக ஓர் அனுமானம் வைப்போம். பிழை 3.3. இரண்டையும் வர்க்கமாக்கினால் 9, ஏறக்குறைய 11. 9ஐ இரண்டின் கூட்டலான 20ஆல் வகுத்தால் 0.45. ஆக 10க்கு நாம் தரவேண்டிய மதிப்பு நாலரை. மீதி ஐந்தரைப் புள்ளி பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. அதை நம்புவதற்கான நிமிடங்கள் இன்னும் ஆடப்படவில்லை, அவ்வளவே.

இப்போது 6. பேட்டியர் 2001ல் மெம்பிஸ் கிரிஸ்லீஸில் தொடங்கி, 2006ல் ஹூஸ்டனுக்கு வந்தவர். 2008 வரையிலான ஏழு பருவங்களில் 18,000 நிமிடங்களுக்கு மேல் ஆடியிருந்தார். 375 முழு ஆட்டங்கள். அதன் வர்க்கமூலம் 19க்குச் சற்று மேல். 12ஐ அதனால் வகுத்தால் பிழை 0.6தான். மேலே போட்ட அதே சுருக்கக் கணக்கை இதற்குப் போட்டால் 6 என்பது 5.8 ஆகும், ஏறக்குறைய அசைவதே இல்லை. பளபளக்கிற 10 நாலரையாகிறது, சாதுவான 6 ஆறாகவே நிற்கிறது. மோரியின் அலுவலகம் பேட்டியரை நம்பியதற்குக் காரணம் இந்த இரண்டாவது எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

அப்படியானால் பொறுமையாக நிமிடங்கள் சேரும்வரை காத்திருந்தால் போதும் என்று தோன்றும். போதாது. முழுப் பருவத்தில் 2,400 நிமிடம் ஆடுகிற ஒரு முன்னணி ஆட்டக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பது முழு ஆட்டங்கள், பிழை 1.7. பிழையை 1க்குக் கொண்டுவர வேண்டுமென்றால் 12ன் வர்க்கமான 144 முழு ஆட்டங்கள் வேண்டும், அதாவது மூன்று பருவத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதற்குள் அவருக்கு மூன்று வயது கூடியிருக்கும், முழங்கால் ஒரு முறை வீங்கியிருக்கும், பயிற்சியாளர் மாறியிருப்பார், உடன் ஆடியவர்களில் பாதிப் பேர் வேறு ஊருக்குப் போயிருப்பார்கள். எண் துல்லியமாகிவிடும், ஆனால் யாரைப் பற்றிய எண் என்பது மங்கிவிடும். பேட்டியரின் 6லேயே இரண்டு ஊர்கள் கலந்திருக்கின்றன.

இதோடு, களத்தில் இருந்தபோது வந்த எண் அவருடையது மட்டும் அல்ல, அருகில் இருந்த நான்கு பேருடையதும்தான். 2015-16ல் 73 ஆட்டங்கள் ஜெயித்த கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி சராசரியாக ஆட்டத்துக்கு 11 புள்ளிக்குச் சற்றுக் குறைவாக முன்னிலை எடுத்தது. அந்த அணியில் வெறுமனே நின்றுகொண்டிருந்தால்கூட நல்ல எண் கிடைத்திருக்கும். இதைச் சரிசெய்ய, அவர் உள்ளே இருந்தபோது வந்ததிலிருந்து வெளியே உட்கார்ந்தபோது வந்ததைக் கழித்துப் பார்ப்பார்கள். நியாயமான யோசனைதான், ஆனால் கழித்தல் இலவசமாகக் கிடைப்பதில்லை. 82 ஆட்டங்களில் மொத்தம் 3,936 நிமிடம். அவர் உள்ளே 2,400, வெளியே 1,536. உள்ளே பிழை 1.7, வெளியே பிழை 2.1. கழிக்கும்போது பிழைகள் ஒன்றையொன்று தின்பதில்லை, சேர்ந்துகொள்கின்றன. விடையின் பிழை 2.7. ஒரு முழுப் பருவம் ஆடியபிறகும் நிலைமை இது.

2004ல் டான் ரோசன்பாம் என்ற பொருளாதார ஆய்வாளர் இதற்கு விரிவான வழி ஒன்றைப் பொதுவெளியில் வைத்தார். டல்லஸ் அணிக்காக வெய்ன் வின்ஸ்டனும் ஜெஃப் சகாரினும் அதற்கு முன்பே இதே போன்ற ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். களத்தில் பத்துப் பேர் மாறாமல் இருக்கிற ஒவ்வொரு சிறு நேரத்தையும் ஒரு சமன்பாடாக எழுத வேண்டும். இந்த ஐவரின் மதிப்பைக் கூட்டி, எதிரில் நின்ற ஐவரின் மதிப்பைக் கழித்தால், அந்த நேரத்தில் வந்த புள்ளி வித்தியாசம். ஒரு பருவத்தில் இப்படிப் பல்லாயிரம் சமன்பாடுகள் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் ஒருசேரப் பொருந்துகிற மதிப்புகளைக் கண்டுபிடித்தால், யாரோடு ஆடினார், யாருக்கு எதிராக ஆடினார் என்பதெல்லாம் கழிந்து தனி ஆளின் எண் கிடைக்கும். காகிதத்தில் அழகான வழி. திருத்தப்பட்ட பிளஸ்-மைனஸ் என்று இதற்குப் பெயர்.

நடைமுறையில் பயிற்சியாளர்கள் இதைக் குலைத்துவிடுகிறார்கள். ஆய்வாளனுக்கு வசதியாக ஆட்களைக் கலந்து இறக்குவது அவர்கள் வேலையல்ல. முதல் ஐவர் சேர்ந்து இறங்குகிறார்கள், சேர்ந்து உட்காருகிறார்கள். ஒருவர் 2,400 நிமிடம் ஆடினார், இன்னொருவரும் 2,400 நிமிடம் ஆடினார், அதில் 2,300 நிமிடம் இருவரும் ஒன்றாகவே இருந்தார்கள் என்று வையுங்கள். இருவரும் சேர்ந்து எவ்வளவு என்பது நன்றாகத் தெரியும். இருவரில் யார் எவ்வளவு என்பதைத் தீர்மானிக்க, பிரிந்திருந்த நிமிடங்கள் மட்டுமே சாட்சி, ஆளுக்கு நூறு. நூறு நிமிடத்தில் சும்மாவே வரக்கூடிய அலைவு 17 புள்ளி. 48 நிமிடக் கணக்கில் 8க்கு மேல். அந்த நூறு நிமிடத்தில் ஒருவருக்கு நான்கைந்து வீச்சுகள் கூடுதலாக விழுந்துவிட்டால், முழுப் பருவத்தின் புகழும் அவர் பக்கம் சாய்ந்து, மற்றவர் சுமை என்று கணக்கு தீர்ப்புச் சொல்லிவிடும். 2,300 நிமிடம் தோளோடு தோள் நின்றவர்களை நூறு நிமிடத்தின் அதிர்ஷ்டம் பிரித்துவிடுகிறது. பெரிய மாதிரி என்று நாம் நினைத்துக்கொண்டிருந்ததற்குள் ஒரு சின்ன மாதிரி ஒளிந்திருந்தது. ஆரம்பகாலத் திருத்தப்பட்ட பிளஸ்-மைனஸ் பட்டியல்கள் சில இடங்களில் சிரிப்பாகத் தெரிந்ததற்கு இது முக்கியக் காரணம்.

2010ல் பாஸ்டனில் நடந்த எம்.ஐ.டி. ஸ்லோன் மாநாட்டில் ஜோ சில் என்பவர் இதற்கு ஒரு மருந்தைக் கொண்டுவந்தார். மருந்து புதியதல்ல. ரிட்ஜ் ரிக்ரெஷன் என்ற பெயரில் 1970லிருந்தே புள்ளியியலில் இருந்த ஒன்று. பேட்டியரின் 10ஐ நாலரையாகச் சுருக்கினோமே, அதையே எல்லா ஆட்டக்காரர்களுக்கும் ஒரே சமயத்தில் செய்வதுதான் அது. ஒருவரைப் பூஜ்யத்திலிருந்து விலக்கி வைக்க வேண்டுமென்றால் அதற்குப் போதிய சாட்சி வேண்டும் என்று கணக்கிலேயே ஒரு நிபந்தனை போடப்படுகிறது. நிமிடம் குறைந்தவர்கள் நடுவுக்கு இழுக்கப்படுகிறார்கள். பிரிக்க முடியாத இருவருக்குள் புகழ் ஏறக்குறைய சமமாகப் பங்கிடப்படுகிறது. எவ்வளவு சுருக்குவது என்பதைக் குருட்டாம்போக்கில் முடிவுசெய்யாமல், கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கிவைத்த ஆட்டங்களை எந்த அளவு நன்றாகக் கணிக்கிறது என்று பார்த்து ஜோ சில் தேர்ந்தெடுத்தார். சுருக்கிய எண்கள் சுருக்காதவற்றைவிட நன்றாகக் கணித்தன. உண்மையிலேயே அபாரமானவர் ஒருவரைச் சில மாதம் குறைத்து மதிப்பிட வேண்டியிருக்கும் என்பது இதன் விலை. இளைஞர் ஒருவர் முதல் முப்பது ஆட்டத்தில் உலகத்தைப் புரட்டினாலும் இந்தக் கணக்கு அவரைப் பாதிதான் நம்பும். கொடுக்கத் தகுந்த விலைதான் என்று நினைக்கிறேன்.

களத்தில் முடிவெடுக்கிறவருக்கு இப்படிக் காத்திருக்க முடியாது என்பது உண்மை. ஏழு ஆட்டத் தொடரில் பயிற்சியாளர் கையில் இருப்பதெல்லாம் சின்ன மாதிரிதான். 2015 இறுதித் தொடரில் கிளீவ்லாந்துக்கு எதிராக கோல்டன் ஸ்டேட் 1-2 என்று பின்தங்கியிருந்தது. நான்காவது ஆட்டத்துக்குப் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் தன் உயரமான மைய ஆட்டக்காரர் ஆண்ட்ரூ போகட்டைப் பெஞ்சில் உட்காரவைத்து, அந்தப் பருவத்தில் ஒருமுறைகூட முதல் ஐவரில் இறங்காத ஆண்ட்ரே இகுவோடாலாவை இறக்கினார். யோசனை, உதவியாளர் நிக் யுரெனுடையது. அதற்கு முந்தைய ஆண்டு இறுதித் தொடரில் சான் அன்டோனியோ அணி போரிஸ் டியாவை முதல் ஐவரில் சேர்த்த ஆட்டங்களின் வீடியோவை அவர் பார்த்திருந்தார். பந்து வேகமாக நகர்வதும் தரையில் இடம் விரிவதும் அவர் கண்ணில் பட்டது. ஆட்டம் தொடங்கியது. கிளீவ்லாந்து 7-0 என்று போனது. புதிய ஐவரின் பிளஸ்-மைனஸ் அந்த நேரத்தில் மைனஸ் 7. எண்ணைப் பார்த்து ஐவரை இறக்கியவராக இருந்தால் எண்ணைப் பார்த்து அப்போதே மாற்றியிருப்பார். கெர் மாற்றவில்லை. 103-82 என்று ஜெயித்தார்கள், அடுத்த இரண்டையும் ஜெயித்தார்கள், இகுவோடாலா தொடரின் சிறந்த ஆட்டக்காரரானார்.

இதை வைத்துக்கொண்டு கண் பெரிதா எண் பெரிதா என்று பட்டிமன்றம் நடத்த நான் வரவில்லை. யுரென் வீடியோவில் பார்த்தது ஒரு காரணத்தை. யார் எங்கே நின்றால் யாருக்கு இடம் கிடைக்கும் என்கிற காரணம் பத்து முறை பந்து நகர்வதைப் பார்த்தாலே புலப்பட்டுவிடும். அதன் பலன் எத்தனை புள்ளி என்பது புலப்பட ஆயிரக்கணக்கான முறை பந்து நகர வேண்டும். அந்த மூன்று வெற்றிகளும் சேர்ந்தாலும் மாதிரி மூன்று ஆட்டம்தான். இதே கணக்கின்படி அவையும் அவ்வளவு பெரிய சாட்சி இல்லை. முடிவு சரியாக இருந்ததா என்று என்னைக் கேட்டால், காரணம் சரியாக இருந்தது என்பேன்.

ஆட்டம் முடிந்த அரைமணி நேரத்துக்குள் மைனஸ் 18 என்ற ஒற்றை எண்ணைக் காட்டி ஓர் ஆளைத் திட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்த எண்ணை அச்சிடுகிறவர்களிடமும் திரையில் காட்டுகிறவர்களிடமும் ஒரே கோரிக்கைதான். அதன் பக்கத்தில் அவர் ஆடிய நிமிடத்தையும் போடுங்கள். அந்த நிமிடத்துக்குச் சும்மாவே எவ்வளவு அலையும் என்பதையும் போடுங்கள். முப்பது நிமிடம் ஆடியவருக்கு அது சுமார் ஒன்பதரைப் புள்ளி. அந்த மைனஸ் 18 இருமடங்கு ஒன்பதரைக்குள் அடங்கிவிடுகிறது.